பக் லைனா, மணிலைனா? ஐஸ் ஹாக்கி விலைகளைப் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஒரே டீம்தான். மணிலைனில் 1.67 தர்றாங்க, பக் லைனில் 2.75 தர்றாங்க. ஏன் இவ்வளவு வித்தியாசம்?

மணிலைனில் உங்கள் டீம் ஜெயித்தால் போதும். அறுபது நிமிடத்துக்குள் ஜெயிக்கலாம், ஓவர்டைமில் ஜெயிக்கலாம், ஷூட்அவுட்டிலும் ஜெயிக்கலாம். பக் லைன் −1.5 என்றால் குறைந்தது இரண்டு கோல் வித்தியாசத்தில் ஜெயிக்க வேண்டும். எதிர் டீம் +1.5 என்று பந்தயம் வைத்தவருக்கு அந்த டீம் ஜெயித்தாலும் பணம் வரும், ஒரே ஒரு கோலில் தோற்றாலும் வரும்.

ஆக, இரண்டு பந்தயத்துக்கும் நடுவே நிற்பது ஒரே ஒரு வகை முடிவு: சரியாக ஒரு கோலில் வரும் வெற்றி. ஹாக்கியில் அந்த முடிவு அடிக்கடி வரும் என்பதால் விலை இவ்வளவு விலகி நிற்கிறது. கோல்கீப்பரை வெளியே எடுத்த பின் விழும் வெற்று வலை கோலும் ஓவர்டைமும் மோதிக்கொள்வது இந்த ஒரு கோல் முடிவில்தான். ஒன்று அதை இரண்டு கோலாக மாற்றும். மற்றொன்று அதை உடையாமல் பூட்டிவிடும்.

−150, +175 என்றும் போடுகிறார்கள். அதற்கும் இந்த 1.67, 2.75க்கும் என்ன கணக்கு?

இரண்டும் ஒன்றுதான், எழுதும் முறை வேறு. −150 என்றால் 100 டாலர் லாபம் பார்க்க 150 டாலர் வைக்க வேண்டும்; அதுதான் 1.67. +175 என்றால் 100 வைத்தால் 175 லாபம், அதுதான் 2.75. தசம விலையில் வைத்த பணமும் சேர்ந்தே வரும். நூறை அந்த விலையால் வகுத்தால் எத்தனை சதவீத வாய்ப்புக்கு விலை போட்டிருக்கிறார்கள் என்று தெரியும். 1.67க்கு ஏறக்குறைய 60, 2.75க்கு 36. இந்தப் பக்கம் முழுக்கத் தசம விலையே வைத்துக்கொள்கிறோம், கணக்குப் போட எளிது.

இந்த விலை எங்கிருந்து வருகிறது? ஒரு கணக்கு போட்டுக் காட்ட முடியுமா?

ஓரளவு வலுவான ஒரு என்.எச்.எல். டீம் இதே எதிராளியோடு லீக் சுற்றில் 100 முறை ஆடுவதாக வைத்துக்கொள்ளுங்கள். கீழே வரும் எண்கள் விளக்கத்துக்காக நாமே எடுத்தவை. ஆனால் அளவு நடைமுறைக்கு நெருக்கமாகவே இருக்கும்.

அறுபது நிமிடத்துக்குள் வலுவான டீம் 46 முறை ஜெயிக்கிறது, 31 முறை தோற்கிறது. மீதி 23 ஆட்டம் சமநிலையில் ஓவர்டைமுக்குப் போகிறது. அந்த 23இல் 12 வலுவான டீமுக்கு, 11 எதிராளிக்கு. ஆக மணிலைனில் 58-க்கு 42.

அந்த 46 வெற்றியைப் பிரித்துப் பாருங்கள். 35 ஆட்டம் இரண்டு கோலோ அதற்கு மேலோ, 11 ஆட்டம் ஒரு கோல். ஓவர்டைமில் வந்த 12 வெற்றியும் ஒரு கோல்தான். எனவே −1.5 பந்தயம் நூற்றுக்கு 35 முறைதான் ஜெயிக்கிறது, +1.5 மீதி 65 முறை.

பந்தயக் கம்பெனி தன் பங்கை எடுக்காவிட்டால் மணிலைன் 1.72-க்கு 2.38, பக் லைன் 2.86-க்கு 1.54 என்று இருக்கும். பலகையில் நீங்கள் பார்ப்பது 1.67-க்கு 2.28, 2.75-க்கு 1.48 போன்ற எண்கள். இரு பக்கத்தின் சதவீதத்தையும் கூட்டினால் 104 அளவுக்கு வரும். நூறுக்கு மேலே வரும் அந்த நாலுதான் கம்பெனியின் பங்கு.

58-க்கும் 35-க்கும் நடுவே இருப்பது 23. ஓவர்டைமுக்குப் போன ஆட்டங்களும் 23 என்பது இந்தக் கணக்கில் தற்செயலாக அமைந்தது. அதையும் இதையும் குழப்பிக்கொள்ளாதீர்கள். இந்த 23 என்பது அறுபது நிமிடத்தில் வந்த 11 ஒரு கோல் வெற்றியும், ஓவர்டைமில் வந்த 12 வெற்றியும் சேர்ந்தது.

ஆட்டம் ஓவர்டைமுக்குப் போனால் என் −1.5 என்ன ஆகும்?

அந்த நொடியே தோற்றுவிட்டது. ஓவர்டைமில் முதல் கோல் விழுந்ததும் ஆட்டம் முடிந்துவிடும். எனவே இரண்டு கோல் வித்தியாசம் என்பதே அங்கே கிடையாது. அறுபதாவது நிமிட மணி அடிக்கும்போது சமநிலை என்றால் +1.5 வைத்தவர் யார் ஜெயிக்கிறார் என்று பார்க்காமலே எழுந்து போகலாம்.

லீக் சுற்றில் 2015-16 முதல் ஓவர்டைம் ஐந்து நிமிடம், பக்கத்துக்கு மூன்று பேர். அதிலும் முடியாவிட்டால் ஷூட்அவுட். பிளேஆஃபில் கதை வேறு: வழக்கம்போல ஐந்துக்கு ஐந்து, இருபது இருபது நிமிடமாக ஒரு கோல் விழும்வரை ஆடுவார்கள், ஷூட்அவுட் கிடையாது. பக் லைனுக்கு இரண்டும் ஒன்றுதான். மணிலைனுக்கு வேறுபாடு உண்டு. மூன்று பேர் ஆட்டத்தில் ஒரு தவறான பாஸ், எதிர்ப்பக்கம் இரண்டு பேர் தனியாக ஓடுவார்கள். ஷூட்அவுட்டோ ஏறத்தாழ காசு சுண்டுவதுதான். வலுவான டீமின் பலம் அங்கே கரைந்துபோகும். மேலே 23 ஆட்டத்தை 12-க்கு 11 என்று பிரித்தது அதனால்தான். பிளேஆஃபில் அந்தப் பலம் ஓரளவு ஓவர்டைமிலும் தொடரும்.

ஷூட்அவுட்டில் 3-1 என்று ஜெயித்தால் என் −1.5 ஜெயிக்குமா?

இல்லை. ஷூட்அவுட்டில் எத்தனை முறை அடித்தாலும் ஜெயித்த டீமின் கணக்கில் ஒரே ஒரு கோல்தான் ஏறும். 2-2 என்று போன ஆட்டம் 3-2 என்று பதிவாகும். மொத்த கோல் பந்தயத்துக்கும் பொதுவாக அந்த ஒரு கோல்தான் கணக்கு.

என் டீம் ஓவர்டைமில் ஜெயித்தது, ஆனால் டிக்கெட் தோற்றதாகக் காட்டுகிறது. ஏமாற்றிவிட்டார்களா?

பெரும்பாலும் இல்லை. நீங்கள் வாங்கியது மணிலைன் இல்லாமல் அறுபது நிமிடப் பந்தயமாக இருக்கும். அதில் மூன்று பக்கம் உண்டு: இந்த டீம், சமநிலை, அந்த டீம். நம் கணக்கில் வலுவான டீமுக்கு 46, சமநிலைக்கு 23, எதிராளிக்கு 31. எனவே அதே டீமுக்கு மணிலைனில் நியாய விலை 1.72 என்றால் அறுபது நிமிடப் பந்தயத்தில் 2.17. "இந்தக் கடையில் மட்டும் விலை அள்ளித் தர்றாங்களே" என்று தோன்றும்போது முதலில் பார்க்க வேண்டியது, பக்கத்தில் சமநிலை என்று மூன்றாவது கட்டம் இருக்கிறதா என்பதைத்தான். ஐரோப்பிய பாணி தளங்களில் ஹாக்கிக்கு இந்த மூன்று கட்டம்தான் முதலில் கண்ணில் படும். மணிலைன் கீழே எங்கோ இருக்கும்.

பக் லைனிலும் இதே பொறி உண்டு. அறுபது நிமிட −0.5 என்று ஒன்று போடுவார்கள். அது பெயரில்தான் பக் லைன். உண்மையில் மேலே சொன்ன 46-ஐயே வாங்குகிறீர்கள்.

ஒரு கோல் பின்னால் இருக்கும் டீம் கோல்கீப்பரையே வெளியே எடுக்கிறதே, அது பக் லைனை எவ்வளவு அசைக்கும்?

மிக அதிகமாக. பக் லைன் விலையில் பாதி சூட்சுமம் கடைசி மூன்று நிமிடத்தில் இருக்கிறது.

ஒரு கோலில் தோற்பதும் இரண்டு கோலில் தோற்பதும் புள்ளிப் பட்டியலில் ஒன்றுதான். சமன் செய்துவிட்டாலோ குறைந்தது ஒரு புள்ளி உறுதி. அதனால் இரண்டு, மூன்று நிமிடம் மிச்சம் இருக்கும்போது கோல்கீப்பரைக் கூப்பிட்டுக்கொண்டு ஆறாவது ஆளை இறக்குவார்கள். ஆறு பேர் சேர்ந்து தாக்கும்போது சமன் செய்யும் வாய்ப்பு கூடும், பின்னால் ஆறடி அகல வலை காலியாகக் கிடக்கும்.

நம் 100 ஆட்டத்துக்கே வருவோம். கோல்கீப்பர் வெளியேறும் நேரத்தில் வலுவான டீம் சரியாக ஒரு கோல் முன்னால் இருக்கும் ஆட்டம் 20 என்று வையுங்கள். அதில் 7இல் வெற்று வலையில் கோல் விழுந்து வித்தியாசம் இரண்டாகிறது. 3இல் எதிராளி சமன் செய்து ஓவர்டைமுக்கு இழுத்துப்போகிறது. 10 அப்படியே ஒரு கோலில் முடிகிறது.

முன்பு சொன்ன 35 இரண்டு கோல் வெற்றியில் 7 இப்படி வந்தவை. கோல்கீப்பர் கூண்டை விட்டு நகரவே கூடாது என்று விதி இருந்து, அந்த 7உம் ஒரு கோலிலேயே முடிந்திருந்தால் −1.5-க்கு 28தான் மிஞ்சியிருக்கும். நியாய விலை 3.57 ஆகியிருக்கும். இன்று அது 2.86. மணிலைன் வைத்தவருக்கு அந்த 7 கோலும் ஒரு பைசா கூட்டுவதில்லை, ஏற்கெனவே ஜெயித்துக்கொண்டிருந்த ஆட்டம்தான். அவரைத் தொடுவது அந்த 3 மட்டும்.

வலை காலியாகத்தானே இருக்கிறது, முன்னால் இருப்பவர்கள் எடுத்தவுடன் தூர இருந்தே அடித்துவிட வேண்டியதுதானே?

ஐசிங் என்ற விதி தடுக்கிறது. தன் பாதியிலிருந்து, அதாவது நடுச் சிவப்புக் கோட்டைத் தாண்டாமல் அடித்த பக் வலையைத் தவறி எதிர்முனைக் கோட்டைக் கடந்தால் ஐசிங். பக் மீண்டும் அவர்கள் வலைக்கு முன்னால் ஃபேஸ்ஆஃபுக்கு வரும். அதோடு தவறு செய்த டீம் ஆள் மாற்றவும் முடியாது. ஒரு நிமிடமாக ஓடிக் களைத்த அதே ஐந்து பேர், புதிதாக இறங்கிய ஆறு பேரை எதிர்கொள்ள வேண்டும். சமன் செய்யும் கோல்கள் பல, இப்படி ஒரு தவறிய தூர அடிக்குப் பின்னால் வருபவை. அதனால்தான் அனுபவசாலிகள் பக்கைப் பலகையோரமாகத் தள்ளி, சிவப்புக் கோட்டைத் தாண்டிய பிறகே அடிப்பார்கள்.

இதில் பார்க்கவேண்டிய ஒன்று உண்டு. முன்னால் இருக்கும் டீம் பெனால்டியில் ஆள் குறைந்து நின்றால் அவர்களுக்கு ஐசிங் கிடையாது. ஆறுக்கு நான்கு என்று நெருக்கடியில் இருந்தாலும் தன் வலையருகிலிருந்தே காலி வலையைக் குறிபார்த்து அடிக்கலாம், தவறினாலும் நஷ்டமில்லை. அதனால் கடைசி நிமிடப் பெனால்டி −1.5 வைத்தவருக்கு முழுக்கக் கெட்ட செய்தி அல்ல.

பெனால்டிக்காக நடுவர் கை தூக்கியதும் கோல்கீப்பர் பெஞ்சுக்கு ஓடுவதையும் பார்த்திருப்பீர்கள். அது வேறு. தவறு செய்த டீம் பக்கைத் தன் வசமாக்கியதுமே ஆட்டம் நின்றுவிடும் என்பதால் அங்கே வெற்று வலை கோலை எதிர்பார்க்க வேண்டாம்.

சில கோச்சுகள் ரொம்பச் சீக்கிரம் எடுத்துவிடுகிறார்கள். அது யாருக்கு நல்லது?

−1.5 வைத்தவருக்கு நல்லது, அதே டீமின் மணிலைன் வைத்தவருக்குக் கொஞ்சம் கெட்டது. பலர் கவனிக்காமல் விடும் இடம் இது.

2013இல் கொலராடோ அவலாஞ்ச் அணிக்குக் கோச்சாக வந்த பாட்ரிக் ருவா வழக்கத்தைவிட முன்கூட்டியே கோல்கீப்பரை வெளியே எடுத்துப் பேர் வாங்கினார். அதன்பின் லீக் முழுவதுமே அந்தப் பக்கம் நகர்ந்திருக்கிறது. நம் 20 ஆட்டத்தில் எதிராளியின் கோச் ஒரு நிமிடம் முன்னதாக எடுப்பதாக வையுங்கள். வெற்று வலை கோல் 7இலிருந்து 9 ஆகிறது, சமன் செய்வது 3இலிருந்து 4 ஆகிறது, ஒரு கோலில் முடிவது 10இலிருந்து 7 ஆகக் குறைகிறது. −1.5 ஜெயிப்பது 37. நியாய விலை 2.86இலிருந்து 2.70க்கு இறங்குகிறது. அறுபது நிமிட வெற்றி 46இலிருந்து 45 ஆகி, கூடுதலாக ஓவர்டைமுக்குப் போன ஆட்டத்தில் பாதி திரும்பி வருவதால் மணிலைன் 57.5. விலை 1.72இலிருந்து 1.74.

எனவே மணிலைனைப் பார்த்து பக் லைனை ஊகிக்கும் பொதுப் பட்டியல்களை அப்படியே நம்ப வேண்டாம். எதிர் டீமின் கோச் ஒரு கோல் பின்னால் இருந்த கடைசிச் சில ஆட்டங்களில் எப்போது எடுத்தார் என்று ஆட்டப் பதிவில் நேரத்தோடு இருக்கும். பத்து நிமிட வேலை.

நிஜ ஆட்டத்தில் இது எப்படி நடந்தது என்று ஒன்று சொல்லுங்கள்.

2025 ஸ்டான்லி கோப்பை இறுதிச் சுற்று, எட்மன்டனில் நடந்த இரண்டாவது ஆட்டம். புளோரிடா பாந்தர்ஸ் 4-3 முன்னால். ஆயிலர்ஸ் கோல்கீப்பரை எடுத்துவிட்டது. அந்த நேரத்தில் புளோரிடா −1.5 வைத்தவருக்குத் தேவை காலி வலையில் ஒரே ஒரு கோல். மணி அடிக்க 20 நொடிகூட இல்லாதபோது எட்மன்டனின் கோரி பெர்ரி சமன் செய்தார். அந்த ஒரு கோலில் புளோரிடா −1.5 டிக்கெட் செத்தது, புளோரிடா அறுபது நிமிட டிக்கெட்டும் செத்தது, எட்மன்டன் +1.5 ஜெயித்தது. மணிலைன் மட்டும் உயிரோடு இருந்தது. இரண்டாவது ஓவர்டைமில் பிராட் மார்ஷான்ட் அடித்து 5-4 என்று முடித்தபோது புளோரிடா மணிலைனுக்குப் பணம் வந்தது. ஒரே டீமை நம்பிய மூன்று பேரில் ஒருவருக்குத்தான் காசு.

அந்தச் சுற்றில் ஆறு ஆட்டத்தில் மூன்று ஓவர்டைமுக்குப் போயின. நான்காவது ஆட்டத்தில் புளோரிடா இதே வேலையைத் திருப்பிச் செய்தது: 4-3 என்று பின்னால் இருந்தபோது சாம் ரைன்ஹார்ட் கடைசி 20 நொடியில் சமன் செய்தார், ஓவர்டைமில் எட்மன்டன் 5-4 என்று ஜெயித்தது. இரண்டு ஆட்டத்திலும் முன்னால் இருந்த டீமே கடைசியில் ஜெயித்தது. இரண்டிலும் அதன் −1.5 தோற்றது.

ஓவர்டைமிலேயே கோல்கீப்பரை எடுக்கலாமா?

எடுக்கலாம், ஆனால் லீக் சுற்றில் அதற்கு விலை உண்டு. அப்படி எடுத்திருக்கும்போது கோல் வாங்கித் தோற்றால் சமநிலைக்காகக் கிடைத்த அந்த ஒரு புள்ளியும் போய்விடும். அதனால் கட்டாய வெற்றி தேவைப்படும் சீசன் கடைசி வாரங்கள் தவிர இதைப் பார்ப்பது அரிது. பக் லைனுக்கு எந்தப் பாதிப்பும் இல்லை.

+1.5 நூற்றுக்கு 65 முறை ஜெயிக்கிறதே, அதையே வைத்துக்கொண்டிருந்தால் என்ன?

1.48 விலையில் முதல் தேற நூற்றுக்கு 67.6 முறை ஜெயிக்க வேண்டும். ஆட்டத்துக்குப் பத்து டாலராக நூறு ஆட்டத்தில் 1000 டாலர் வைத்தால் 65 × 14.80 = 962 டாலர் திரும்பும். −1.5-க்கு 35 × 27.50 = 962.50, மணிலைனுக்கு 58 × 16.70 = 968.60. மூன்றிலும் நஷ்டம், அளவும் ஏறக்குறைய அதே. அடிக்கடி ஜெயிப்பதும் லாபமும் வேறு வேறு. இதையே நாலைந்து +1.5 சேர்த்து ஒரே டிக்கெட்டாகக் கட்டினால் கம்பெனியின் பங்கும் ஒவ்வொரு ஆட்டத்துக்கும் பெருகிக்கொண்டே போகும்.

விலை தவறாக இருக்கும் ஆட்டத்தில்தான் எந்தப் பக்கமும் அர்த்தமுள்ளது. எங்கள் பார்வையில் அந்தத் தவறு மணிலைனைவிட பக் லைனில் வர வாய்ப்பு அதிகம். காரணம் மேலே சொன்ன கோச்சின் பழக்கம், அடுத்து மொத்த கோல் எண். இரண்டு ஆட்டத்தின் மணிலைன் ஒரே விலையாக இருந்தாலும் ஒன்றுக்கு மொத்த கோல் 5.5, மற்றொன்றுக்கு 6.5 என்றால், கோல் குறைந்த ஆட்டத்தில் ஒரு கோல் முடிவும் ஓவர்டைமும் கூடும். அங்கே −1.5-க்கு நீங்கள் அதிக விலை கேட்க வேண்டும்.

1.5 இல்லாமல் −1 என்று இருக்கிறதே?

ஒரு கோலில் ஜெயித்தால் வைத்த பணம் அப்படியே திரும்பும், இரண்டு கோலில் ஜெயித்தால்தான் லாபம். ஓவர்டைம் சேர்த்துத் தீர்ப்பதாக இருந்தால் நம் கணக்கில் 35 வெற்றி, 23 திரும்புதல், 42 தோல்வி. நியாய விலை 2.20. ஓவர்டைம் சேருமா சேராதா என்று அந்தத் தளத்தின் விதியில் படித்துவிட்டு வையுங்கள். சேராவிட்டால் ஓவர்டைமில் வந்த 12 வெற்றியும் திரும்புதலிலிருந்து தோல்விக்கு மாறிவிடும்.

தமிழ்நாட்டில் இருந்து வைக்கலாமா?

கூடாது. இணையவழிப் பணப் பந்தயத்தை இந்தியாவில் 2025 ஆகஸ்டில் நிறைவேறிய மத்திய சட்டம் தடை செய்கிறது. கனடாவில் தனி ஆட்டத்தின் மீதான பந்தயம் 2021 ஆகஸ்ட் முதல் சட்டபூர்வம். டொராண்டோ தமிழர்கள் இருக்கும் ஒன்டாரியோவில் உரிமம் பெற்ற தனியார் தளங்கள் 2022 ஏப்ரலில் வந்தன, 19 வயது நிறைந்திருக்க வேண்டும்.

ஆட்டம் நடக்கும்போதே, கோல்கீப்பர் வெளியேறுவதைப் பார்த்து −1.5 வைத்தால் லாபம்தானே?

நீங்கள் திரையில் பார்க்கும்போது அது நடந்து சில நொடிகள் ஆகியிருக்கும். கம்பெனிக்குத் தரவு அதற்கு முன்பே வந்துவிடும். விலை பூட்டப்பட்டிருக்கும், அல்லது நீங்கள் அழுத்திய பிறகு சில நொடி காத்திருக்க வைத்து, நடுவில் ஏதாவது நடந்தால் ஏற்க மறுப்பார்கள்.

வாய்ப்பு இருந்தால் அது கோல்கீப்பர் வெளியேறுவதற்கு முன்னால்தான். ஒரு கோல் வித்தியாசம், நான்கு நிமிடம் மிச்சம், ஆட்டம் நின்றிருக்கிறது. வெற்று வலைக் கட்டம் முழுதாக வரும் என்று எடுத்தால் நம் எண்ணில் 20க்கு 7, அதாவது நியாய விலை 2.86. எதிர் கோச் சீக்கிரம் எடுப்பவர் என்று தெரிந்தால் 20க்கு 9, 2.22. திரையில் 3.00 இருந்தால் யோசிக்கலாம். ஒன்றரை நிமிடம்தான் மிச்சம், கோல்கீப்பர் இன்னும் வலையிலேயே நிற்கிறார் என்றால் அந்த எண்கள் செல்லாது. பக் தாக்கும் டீமின் சொந்த எல்லைக்குள்ளேயே சுற்றிக்கொண்டிருந்தால் அவரால் வெளியேற முடியாது, ஒவ்வொரு பத்து நொடியும் உங்கள் −1.5இலிருந்து கழிந்துகொண்டே போகும்.